மூன்று பால்கனி அறைகள், ஐந்து முன்பதிவுகள்: புதுச்சேரிச் சிறு ஹோட்டல் ஒன்றின் அனுபவம்

பின்னணி

புதுச்சேரியில் மிஷன் வீதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு தெருவில், தமிழர் பகுதியின் பழைய வீடு ஒன்று ஹோட்டலாக நடக்கிறது. மொத்தம் 11 அறைகள். சாதாரண இருவர் அறை ஆறு, தெருவைப் பார்த்த பால்கனி அறை மூன்று, குடும்ப அறை இரண்டு. உரிமையாளர் ஐம்பதுகளில் இருப்பவர், வீடு அவருடைய அப்பா வழியில் வந்தது. மருமகள் மெயிலும் கணக்கும் பார்க்கிறார். வரவேற்பு மேசையில் பகலில் ஒரு மூத்த ஊழியர், இரவில் கடலூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஓர் இளைஞர். இதுபோன்ற சில சிறு ஹோட்டல்களுக்குக் கணக்கு வேலை செய்பவன் என்ற முறையில் நான் உள்ளே வந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆட்களுக்கும் ஹோட்டலுக்கும் அவர்கள் சேர்ந்த இணைய முன்பதிவுத் தளங்களுக்கும் இங்கே பெயர் கிடையாது.

2024 டிசம்பர் வரைக்கும் இங்கே அறைகள் நிரம்பியது போன் மூலமும் நேரில் வந்து கேட்பவர்களாலும்தான். அரவிந்தர் ஆசிரமத்தின் தரிசன நாட்களான பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் வரும் பழைய குடும்பங்கள் சில உண்டு. வார இறுதியில் ஈசிஆர் வழியாகச் சென்னைக்காரர்கள் வருவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை பாதி அறை சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் அறைகளுக்காகத்தான் இரண்டு பயணத் தளங்களில் சேர்ந்தார்கள். ஒன்று இந்தியத் தளம், கமிஷன் 20 சதவீதம். மற்றது வெளிநாட்டுத் தளம், 15 சதவீதம், தேடலில் மேலே காட்டுவதற்கு இன்னொரு 3 சதவீதம்.

பதிவு செய்யும் வேலையை இந்தியத் தளத்தின் பிரதிநிதி ஒருவர் மேசையிலேயே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். காலை உணவோடு ஒரு விலை, உணவு இல்லாமல் ஒரு விலை வேண்டும் என்று உரிமையாளர் சொன்னார். அதற்காகப் ‘பால்கனி அறை’, ‘பால்கனி அறை, காலை உணவுடன்’ என்று இரண்டு அறை வகைகள் உருவாக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 3 என்று போடப்பட்டது. மாடியில் இருப்பது மூன்று அறை, தளத்தில் விற்பனைக்கு இருந்தது ஆறு. சாதாரண நாட்களில் மூன்றுமே நிரம்பாததால் ஏழெட்டு மாதம் இது யார் கண்ணிலும் படவில்லை.

2025 ஆகஸ்ட் 15: என்ன நடந்தது

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையில் வந்தது. சுதந்திர தினம், ஆசிரம தரிசனம், மூன்று நாள் விடுமுறை எல்லாம் சேர்ந்துகொண்டால் புதுச்சேரியில் அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஜூலை கடைசியிலேயே மூன்று பால்கனி அறைகளும் போய்விட்டன. இந்தியத் தளத்தில் ‘பால்கனி அறை’ ஒன்று, ‘காலை உணவுடன்’ ஒன்று, வெளிநாட்டுத் தளத்தில் ஒன்று. பகல் ஊழியர் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதினார். இரண்டு தளங்களுக்குள்ளும் போய் 15, 16 தேதிகளுக்குப் பால்கனி அறையை மூடினார். ‘காலை உணவுடன்’ என்பதை அவர் தொடவில்லை. அறையை மூடினால் அந்த அறையின் எல்லா விலையும் மூடிவிடும் என்றுதான் யாருமே நினைப்பார்கள். இங்கே அது தனி அறையாகப் பதிவாகியிருந்ததால் இன்னும் இரண்டு விற்பனைக்கு இருப்பதாகத் தளம் காட்டிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 6 அன்று அதில் ஒன்றைச் சென்னைக் குடும்பம் ஒன்று எடுத்தது. கணவன் மனைவி, ஒரு குழந்தை, வயதான அம்மா. மெயில் மருமகளுக்கு வந்தது. அவர் ஊரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அங்கிருந்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றைக்கு வந்த மற்ற படங்களுக்கு நடுவில் அது போய்விட்டது, ரிஜிஸ்டரில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 11 அன்று வெளிநாட்டுத் தளத்து விருந்தினர் ரத்து செய்தார். ரிஜிஸ்டரில் அந்த வரியை அடித்துவிட்டு, காத்திருந்த தஞ்சாவூர் தம்பதிக்கு உரிமையாளர் போனில் உறுதி சொன்னார். ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் வருபவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் தளத்தில், ரத்தாகும் அறையைத் தானாகவே மீண்டும் விற்பனைக்குத் திறந்துவிடும் ஒரு அமைப்பு போட்டிருந்தது. ஊழியர் கையால் மூடிய தேதி, ரத்து வந்ததும் தானாகத் திறந்துகொண்டது. ஆகஸ்ட் 13 இரவு ஒரு பெங்களூரு தம்பதி அதை எடுத்துவிட்டார்கள்.

இரவு ஊழியர் மெயிலைப் பார்த்தார், ரிஜிஸ்டரைத் திறந்தார். பால்கனி அறைக்கு ஒரு தேதிக்கு மூன்று வரிதான், மூன்றிலும் பெயர் இருந்தது. பக்கத்தின் வலது ஓரத்தில் பென்சிலால் பெங்களூரு என்றும் அந்தப் பெயரையும் எழுதிவைத்தார். “நாலாவது பேர எங்க எழுதுறதுன்னு தெரியல அண்ணே. காலையில அவங்க பாத்துப்பாங்கன்னு விட்டுட்டேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார். காலையில் வந்தவர் அந்த ஓர எழுத்தை, யாரோ விசாரித்துவிட்டுப் போன பெயர் என்று எடுத்துக்கொண்டார்.

15-ஆம் தேதி மதியத்துக்குள் மூன்று பால்கனி அறைகளிலும் ஆள் வந்துவிட்டார்கள். மற்ற எட்டு அறைகளும் நிரம்பியிருந்தன. இரண்டரை மணிக்குப் பெங்களூரு தம்பதி வந்தார்கள். நாலு மணிக்குச் சென்னைக் குடும்பம் வந்தது. இரண்டு பேர் கையிலும் முறையான வவுச்சர்.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

உரிமையாளர் முதலில் செய்தது சரியான காரியம்: யாரையும் ‘உங்கள் முன்பதிவு வரவில்லை’ என்று சொல்லி அனுப்பவில்லை. தவறு எங்களுடையது என்று சொல்லி உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டு, தெரிந்த ஹோட்டல்களுக்கெல்லாம் போன் போட்டார். விருந்தினரையே ரத்து செய்யச் சொல்லித் தப்பிக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அப்படிச் செய்தால் கட்டணத் திருப்பமும் சிக்கலாகும், விருந்தினர் தளத்திடம் உண்மையைச் சொன்னால் ஹோட்டல் மீதான நம்பிக்கையும் போகும்.

பெங்களூரு தம்பதிக்கு முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு அறை கிடைத்தது, இரவுக்கு 5,200 ரூபாய். அவர்கள் பேசியிருந்தது 3,400. வித்தியாசம் 1,800 வீதம் இரண்டு இரவுக்கு 3,600 ரூபாயும், ஆட்டோவுக்கு 300 ரூபாயும் ஹோட்டல் கொடுத்தது. குடும்பத்துக்கு ஊருக்குள் எதுவுமே கிடைக்கவில்லை. தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, கடலூரில் ஒரு அறை பேசினார்கள். முன்பணத்தைத் தளம் அவர்களுக்குத் திருப்பிவிட்டது. கடலூர் அறைக்கு இரண்டு இரவு 5,600 ரூபாய், போகவர டாக்ஸி 3,000 ரூபாய், இரண்டையும் ஹோட்டல் ஏற்றது. ஆக 12,500 ரூபாய். பெங்களூரு தம்பதி எதுவும் எழுதவில்லை. கடலூருக்குப் போன குடும்பம், கடற்கரைக்கு நடந்து போகலாம் என்று அம்மாவுக்காக எடுத்த அறை அது என்று எழுதி, மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். அந்த விமர்சனத்தில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

ஆராய்ந்தபோது தெரிந்தவை

அடுத்த வாரம் ரிஜிஸ்டர், மெயில், இரண்டு தளங்களின் பதிவுகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உரிமையாளர் ஆரம்பத்தில் இரவு வேலை பார்க்கும் பையனின் கவனக்குறைவு என்றுதான் நினைத்தார். பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கியதும் அந்த எண்ணம் மாறியது. கூடுதலாக விற்ற இரண்டு அறைகளில் ஒன்றுக்குக் காரணம் உணவுத் திட்டத்தைத் தனி அறையாகப் போட்டது. மற்றதற்குக் காரணம் ரத்தானது தானே திறந்துகொண்டது. இரண்டுமே ஜனவரிக்கு முன்பே போட்டுவைத்த அமைப்புகள். ஊழியர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், அறை விற்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய கவனம் உதவியிருக்கக்கூடியது வேறு விஷயத்துக்கு: இரண்டு நாள் முன்பே தெரிந்திருந்தால் பெங்களூருத் தம்பதிக்கு நல்ல மாற்று அறை பிடித்திருக்கலாம்.

இப்படிப் பதிவுகளைப் பார்க்கும்போதுதான் விலையும் ஒழுங்காக இல்லை என்பது தெரிந்தது. வார இறுதியில் பால்கனி அறையின் விலை 3,400 ரூபாய், வரி தனி. உரிமையாளர் போனில் சொல்வதும் அதுதான். ஆனால் வெளிநாட்டுத் தளத்தில் உறுப்பினர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி, மொபைலில் எடுப்பவர்களுக்கு இன்னொரு 10 சதவீதம் என்று இரண்டு சலுகைகளுக்கு யாரோ சம்மதம் கொடுத்திருந்தார்கள். இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 3,400-இல் பத்து சதவீதம் போனால் 3,060, அதில் மறுபடி பத்து போனால் 2,754. இந்தியத் தளத்தில், ஜனவரியில் வெறிச்சோடிய ஒரு வாரத்துக்காகப் போட்ட 15 சதவீதக் கடைசி நேரச் சலுகை, முடிவுத் தேதி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அதே அறை 2,890.

ஆக, இருபது வருடமாக வரும் ஒருவர் போனில் கூப்பிட்டால் 3,400, முன்பின் தெரியாதவர் மொபைலில் தட்டினால் 2,754. ஒரு சனிக்கிழமை மேசையிலேயே ஒருவர் போனைத் திருப்பிக் காட்டி, “சார், இதுல எடுத்துக்கவா, நீங்களே இந்த ரேட்டுக்குத் தர்றீங்களா?” என்று கேட்டிருக்கிறார். பகல் ஊழியர் அதே விலைக்குக் கொடுத்துவிட்டார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தாலே ஹோட்டலின் பணம் போகிறது என்று அர்த்தமில்லை. சில கூப்பன்களைத் தளமே தன் கமிஷனிலிருந்து கொடுக்கும், விருந்தினர் குறைவாகக் கட்டுவார், ஹோட்டலுக்கு வர வேண்டியது குறையாது. எது எது என்று பிரிக்க வழி எளிது. ஹோட்டலுக்கு வரும் வவுச்சரில் அறை விலை என்ற வரியைப் பார்க்க வேண்டும். அது நாம் போட்ட விலையாகவே இருந்தால் தள்ளுபடி தளத்துடையது. குறைந்திருந்தால் நம்முடையது. ஒரு வாரத்து வவுச்சர்களை மருமகள் இப்படிப் பிரித்தபோது, பெரும்பாலானவை ஹோட்டலின் பையிலிருந்து போனவை என்று தெரிந்தது.

இன்னொரு சின்னக் காரணமும் விலையைக் குழப்பியது. ஒரு தளத்தில் வரி நீங்கலாகவும் மற்றதில் வரி உட்படவும் விலை ஏற்றியிருந்தார்கள். ஒரே 3,400-ஐ இரண்டிலும் தட்டினால் இரண்டும் ஒரே விலை ஆகாது. வரி உட்பட என்று எடுத்துக்கொண்ட தளத்தில் அந்த 3,400-க்குள்ளேயே வரியும் அடங்கிவிடும், அறைக்கு உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

கமிஷன் கணக்கு

உரிமையாளர் மனதில் இருந்த கணக்கு இது: 3,400-இல் 20 சதவீதம் கமிஷன் போனால் கையில் 2,720. இந்தியத் தளத்தில் உண்மையில் நடந்தது வேறு. விற்ற விலை 2,890. அதில் 20 சதவீதம் 578. கமிஷன் ஒரு சேவை என்பதால் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, 104 ரூபாய். மீதி 2,208. நினைத்ததற்கும் வந்ததற்கும் ஒரு இரவுக்கு 512 ரூபாய் வித்தியாசம். இதைத் தவிர ஜிஎஸ்டி டிசிஎஸ் 0.5 சதவீதமும் வருமான வரி டிடிஎஸ் 0.1 சதவீதமும் பிடிப்பார்கள். அவை சின்னத் தொகைகள், முறையாகக் கணக்குக் காட்டினால் திரும்ப வருபவை, அதனால் செலவில் சேர்க்கவில்லை.

நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே மாதம் வரியும் மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்ற நிபந்தனையோடு. விருந்தினருக்கு இது நல்லது. 3,400 ரூபாய் அறைக்கு 3,808 கட்டியவர் இனி 3,570 கட்டினால் போதும். ஹோட்டலுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதுவரை கமிஷன் மீது கட்டிய அந்த 104 ரூபாயை, அறைக்கு வசூலித்த வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. இனி முடியாது, அது முழுச் செலவு. 20 சதவீதக் கமிஷன் என்பது ஜிஎஸ்டியோடு 23.6 சதவீதம் என்றே இனி நினைக்க வேண்டும். புதுச்சேரியில் பல சிறு ஹோட்டல்காரர்கள் வரி குறைந்த மகிழ்ச்சியில் இதைக் கவனிக்கவே இல்லை.

செய்த மாற்றங்களும் அவற்றின் காரணமும்

முதல் யோசனை, உரிமையாளருடையது: இரண்டு தளங்களிலிருந்தும் விலகிவிடுவது. வாரநாட்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்ததும் அவரே அதைக் கைவிட்டார். திங்கள் முதல் வியாழன் வரை வந்தவர்களில் பெரும்பகுதி தளங்கள் வழியாக வந்தவர்கள். கமிஷன் போனாலும், காலியாகக் கிடக்க வேண்டிய அறைக்கு வந்த பணம் அது. வெள்ளி, சனி மட்டும்தான் வேறு கதை. அன்று போனிலேயே நிரம்பக்கூடிய அறைக்குக் கமிஷன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் தளங்களில் இருப்பது, ஆனால் ஒரே இடத்திலிருந்து நடத்துவது என்று முடிவானது. மாதம் 2,000 ரூபாய்க்கு ஒரு சேனல் மேனேஜர் எடுத்தார்கள். இது செய்வது இவ்வளவுதான்: எத்தனை அறை மீதி என்ற எண்ணிக்கையை ஒரே தொகுப்பாக வைத்துக்கொண்டு, ஒரு தளத்தில் ஒன்று விற்றதும் மற்றதில் குறைக்கும். ரத்தானால் அறை இந்தத் தொகுப்புக்குத்தான் திரும்பும், தளத்துக்கு நேராகப் போகாது. எண்ணிக்கையை மட்டும் அனுப்பும் இணைப்பு போதாது, முன்பதிவு நம் பக்கம் வந்து சேரும் இருவழி இணைப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். காலண்டர் லிங்க் மூலம் மட்டும் இணையும் ஒரு வீட்டு வாடகைத் தளத்திலும் சேரலாமா என்று மருமகள் கேட்டார். அந்த லிங்க் சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். விடுமுறைக்கு முந்தைய நாள் அந்த இடைவெளியிலேயே அறை இரண்டு தடவை விற்றுவிடும். வேண்டாம் என்று விட்டோம்.

இணைப்பதற்கு முன்பு பழைய அமைப்பைச் சுத்தம் செய்ததுதான் முக்கியமான வேலை, ஒரு மாலை முழுக்க ஆனது. இந்தியத் தளத்தில் ‘காலை உணவுடன்’ என்ற போலி அறை வகைகளை மூடினோம். அறை வகைகள் மூன்றே மூன்று. உணவு உண்டா இல்லையா, ரத்து செய்யலாமா கூடாதா என்பவை அந்த அறையின் கீழ் வரும் விலைத் திட்டங்கள் ஆயின. அதன்பிறகுதான் ஒவ்வொன்றையும் சேனல் மேனேஜரில் உள்ள அறையோடு பொருத்தினோம். இந்தச் சுத்தம் இல்லாமல் அப்படியே இணைத்திருந்தால் கருவி அதே பிழையை இன்னும் வேகமாகச் செய்திருக்கும். வெளிநாட்டுத் தளத்தின் தானாகத் திறக்கும் அமைப்பையும் அணைத்தோம்.

பொருத்தியது சரியா என்று சோதித்துப் பார்த்தோம். இரண்டு மாதம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்து, சேனல் மேனேஜரில் பால்கனி அறை எண்ணிக்கையை 1 ஆக்கினோம். இரண்டு தளங்களின் காலண்டரிலும் 1 என்று வந்தது. ஒரு தளத்தில் நாங்களே ஒரு முன்பதிவு போட்டோம், மற்றதில் அந்தத் தேதி மூடியது. ரத்து செய்தோம், இரண்டிலும் 1 திரும்பியது. மூன்று அறை வகைக்கும் இதைச் செய்தோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ‘இணைத்தாச்சு’ என்று சொல்லக் கூடாது.

ரிஜிஸ்டரை எடுத்துவிடலாம் என்று மருமகள் சொன்னபோது உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டார், நியாயமான கேள்விதான். ரிஜிஸ்டர் அப்படியே இருக்கிறது. வரிசை மட்டும் மாறியது: முதலில் திரையில் அறையைப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். உரிமையாளருக்கும் இதே விதி. வீட்டில் இருக்கும்போது யாராவது போனில் கேட்டால், “மேசையில பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்” என்று சொல்ல வேண்டும். பழகுவதற்கு அவருக்குத்தான் எல்லோரையும்விட அதிக நாள் பிடித்தது. வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு எழுதுவது அவருடைய பல வருடப் பழக்கம்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு சரிபார்ப்பு வைத்தோம். இன்றும் நாளையும் வருபவர்கள் எத்தனை பேர் என்று திரையில், ரிஜிஸ்டரில், மெயிலில் எண்ண வேண்டும். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் மருமகளைக் கூப்பிட வேண்டும். ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டிய நிலை வந்தால் அதுவே கூப்பிட வேண்டிய நேரம் என்று இரவு ஊழியருக்குச் சொல்லியிருக்கிறோம்.

நீண்ட விடுமுறைகளில் ஒரு சாதாரண அறையைத் தளங்களுக்குக் கொடுக்காமல் முந்தைய நாள் மாலை வரை பிடித்துவைப்பது என்றும் முடிவெடுத்தோம். ஏசி கெட்டாலோ, குழாய் உடைந்தாலோ, கருவி தவறினாலோ நகர்த்த ஓர் இடம் வேண்டும். அந்த நாட்களில் கடைசி அறை நேரில் வருபவருக்கே போய்விடுவதால் நஷ்டம் குறைவு.

விலைக்கு வருவோம். மேலிருந்து கீழே வராமல், கையில் வர வேண்டிய தொகையிலிருந்து மேலே போனோம். வார இறுதிப் பால்கனி அறைக்குக் குறைந்தது 2,400 நிற்க வேண்டும் என்றார் உரிமையாளர். 23.6 சதவீதம் போனால் நூற்றுக்கு 76.4 மிஞ்சும், எனவே விற்ற விலை சுமார் 3,140 இருக்க வேண்டும். ஒரே ஒரு 10 சதவீதச் சலுகைக்கு இடம் விட்டால் பட்டியல் விலை 3,500. சரிபார்த்தால் 3,500-இல் பத்து போய் 3,150, அதில் கமிஷனும் வரியும் போய் 2,407. அறை வரி குறைந்திருந்ததால், 100 ரூபாய் ஏற்றிய பிறகும் முழு விலை கொடுக்கும் விருந்தினர் முன்பைவிடக் குறைவாகத்தான் கட்டினார். கடைசி நேரச் சலுகையையும் மொபைல் சலுகையையும் எடுத்துவிட்டோம். ஒரு நேரத்தில் ஒரு சலுகை, அதற்கு முடிவுத் தேதி கட்டாயம். இரண்டு தளங்களிலும் வரி நீங்கலான விலை.

தளங்களைவிடக் குறைந்த விலையை வெளியே காட்டக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் இருப்பது வழக்கம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், அறை மற்றும் விலைச் சமநிலையைக் கட்டாயப்படுத்தும் ஷரத்துகளை எடுக்கும்படி மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு உத்தரவிட்டது. அப்படியிருந்தும், பொதுவில் தெரியும் விலையை எல்லா இடத்திலும் ஒன்றாக வைப்பதே நல்லது என்றுதான் நான் சொன்னேன். காரணம் ஒப்பந்தம் இல்லை, மேசையில் நிற்கும் ஊழியர். அவர் ஒவ்வொரு விருந்தினரோடும் போனைப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. பழைய வாடிக்கையாளர்களுக்குச் சலுகையை விலையில் காட்டாமல் வேறு விதமாகக் கொடுக்கிறார்கள். ரயிலில் விடியற்காலை வருபவருக்கு அறை காலியாக இருந்தால் அப்போதே சாவி, காலை இட்லியும் பொங்கலும் கணக்கில் வராது.

அதன் பிறகு

முதல் சோதனை ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி, வார இறுதி எல்லாம் சேர்ந்த அக்டோபர் முதல் வாரம். இரட்டை முன்பதிவு இல்லை. நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள், சனிக்கிழமை. அன்றும் இல்லை. புத்தாண்டிலும் இல்லை.

நவம்பர் நடுவில் ஒன்று மயிரிழையில் தப்பியது. வெளிநாட்டுத் தளத்திலிருந்து ஒருவர் போனில் பேசி, பணம் திரும்பாத ஒரு மலிவு விலைத் திட்டம் சேர்த்தால் நிறைய பேர் வருவார்கள் என்று பகல் ஊழியரைச் சம்மதிக்கவைத்தார். அவர் தளத்துக்குள்ளேயே போய் அதை உருவாக்கிவிட்டார். சேனல் மேனேஜருக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. அதில் வந்த முதல் முன்பதிவு, பொருத்தப்படாதது என்ற எச்சரிக்கையோடு வந்து நின்றது, தொகுப்பிலிருந்து அறை குறையவில்லை. அன்று இரவு ஒன்பது மணிக்கு மெயிலில் நாலு பேர், திரையில் மூன்று பேர். இரவு ஊழியர் மருமகளைக் கூப்பிட்டார், பத்து நிமிடத்தில் அறை கையால் குறைக்கப்பட்டது. அதிலிருந்து தளங்களின் கடவுச்சொல் மருமகளிடம் மட்டும் இருக்கிறது.

மேசையில் போனைத் திருப்பிக் காட்டுவது இன்னும் நடக்கிறது, குறைந்திருக்கிறது. தளத்தின் சொந்தக் கூப்பன் இருக்கும் நாட்களில் விருந்தினருக்கு அங்கேதான் மலிவு. அதைத் தடுக்க ஹோட்டலால் முடியாது. ‘அங்கேயே எடுத்துக்கோங்க சார்’ என்று சொல்ல ஊழியருக்குச் சொல்லியிருக்கிறது. ஹோட்டலுக்கு வர வேண்டியது அப்போதும் வரும்.

எதை வேறு மாதிரி செய்யலாம்

இதே ஹோட்டல் இன்று புதிதாகச் சேர்வதாக இருந்தால், பிரதிநிதி வந்து உட்காரும் முன்பே ஒரு தாளில் மூன்று அறை வகைகளையும் எண்ணிக்கையையும் எழுதி, கூட்டினால் 11 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவரோடு பேசச் சொல்வேன். தளத்தில் எல்லா அறை வகைகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் கட்டடத்தில் உள்ள அறைகளுக்கு மேல் வரக் கூடாது. இந்த ஒரு கூட்டலை முதல் நாளே போட்டிருந்தால் ‘காலை உணவுடன்’ பிழை ஜனவரிக்கு முன்பே தெரிந்திருக்கும்.

குறைந்தபட்சத் தொகையை அறை வகைக்கு ஒன்று, வாரநாளுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று என்று சலுகைகளுக்குச் சம்மதம் கொடுக்கும் முன்பே எழுதிவைப்பதும் முதல் நாள் வேலை. தளத்தின் ஆட்கள் போன் செய்யும்போது ஊழியருக்குப் பதில் சொல்ல அந்தத் தாள் இருக்க வேண்டும்.

தரிசன நாட்களுக்குப் பழைய குடும்பங்களின் அறைகளைத் தளங்களில் திறக்காமலே வைத்திருக்கலாம். ஆகஸ்ட் 15-க்கு யார் வருவார்கள் என்பது உரிமையாளருக்கு மே மாதமே தெரியும். இந்த ஆண்டு அப்படித்தான் பால்கனி அறை ஒன்றைத் தஞ்சாவூர் தம்பதிக்காகத் திரையில் முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் தளத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அந்த 3 சதவீதம் வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மார்ச், ஏப்ரல் வாரநாட்களில் அதை நிறுத்திப் பார்த்து, வரும் ஆட்கள் குறைகிறார்களா என்று மருமகள் கணக்கு வைக்கப்போகிறார்.